பில்டர் கொடுத்த கார்பஸ் கணக்கில் 22 லட்சத்து 62 ஆயிரம் குறைகிறது: செக்கை வாங்கலாமா?

மேடவாக்கம் செயலாளர், 2025 ஜனவரி 12

எங்கள் குடியிருப்பில் 84 வீடு. மொத்தம் 96,000 சதுர அடி. வீடு வாங்கும்போது சதுர அடிக்கு 60 ரூபாய் கார்பஸ் என்ற பொது நிதிக்குக் கட்ட வேண்டும் என்று கட்டுமான ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பெருக்கினால் 57,60,000 வர வேண்டும். அசோசியேஷன் பதிவாகி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் பில்டர் அலுவலகத்தில் கூப்பிட்டு 34,98,000க்கு ஒரு செக்கும், அரைப்பக்கக் கணக்கும், கையெழுத்துப் போட ஒரு கடிதமும் நீட்டினார்கள். கடிதத்தின் கடைசி வரி: "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டோம்."

அரைப்பக்கக் கணக்கில் இரண்டே வரி. வசூலான கார்பஸ் 48,78,000. 26 மாத மெயின்டெனன்ஸ் பற்றாக்குறை 13,80,000 கழிவு. அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். கமிட்டியில் பாதிப் பேர் "வந்ததை வாங்கிப் போடுங்க, அதுவும் போயிடும்" என்கிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செம்பூர்வாசி, ஜனவரி 12

மேடம், கார்பஸ் எல்லாம் பில்டர் வைக்கிற பேர். சட்டத்தில் இருப்பது சிங்கிங் ஃபண்ட்தான். கட்டுமானச் செலவில் வருஷத்துக்கு 0.25 சதவீதம் கட்டாயம். பில்டர் அதை வசூலித்துத் தரவில்லை என்றால் அதற்கும் அவர்தான் பொறுப்பு.

ஓய்வு ஆடிட்டர், ஜனவரி 13

செம்பூர்வாசி சொல்வது மகாராஷ்டிராவுக்குச் சரி. அங்கே கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதியில் அந்த 0.25 சதவீதம் இருக்கிறது. பழுது பார்க்க இன்னொரு 0.75 சதவீதமும் உண்டு. நிலத்தின் விலையை நீக்கிவிட்டுக் கட்டுமானச் செலவின்மீது போடுவது. ஆனால் அது சங்கம் தன் உறுப்பினர்களிடம் வருஷா வருஷம் பிரிப்பது, பில்டர் பிரிப்பது இல்லை. சென்னையில் பெரும்பாலான அசோசியேஷன்கள் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. இங்கே அந்த விகிதம் தானாக வந்து ஒட்டாது. உங்கள் துணைவிதியில் நீங்கள் எழுதினால் உண்டு.

செயலாளருக்கு: இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்பஸ் என்பது முதலில் ஒரே ஒரு தடவை வாங்கிய முதல். அதைக் கரைக்கக் கூடாது, வட்டிதான் பயன்பட வேண்டும். சிங்கிங் ஃபண்ட் என்பது செலவழிப்பதற்காகவே சேர்ப்பது. லிஃப்ட் ஒருநாள் மாற்றியாக வேண்டும், அன்றைக்குப் பணம் வேண்டும் என்று மாதா மாதம் ஒதுக்குவது. பில்டர் உங்களிடம் வாங்கியது முதல் வகை. அதிலிருந்து தோட்டக்காரர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் எடுத்தேன் என்கிறார். அந்த இடத்தில்தான் கேள்வி.

செக்கை வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். "கணக்குச் சரிபார்ப்புக்கு உட்பட்டு, பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டோம், மீதியைக் கோரும் உரிமை நிற்கிறது" என்று உங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்குப் போகும் நிலை வந்தால் அந்த மின்னஞ்சல் பேசும்.

புது ஓனர், ஜனவரி 13

நான் வேளச்சேரி வீட்டை விற்கப் போகிறேன். 2019-இல் கார்பஸ் 72,000 கட்டினேன். அதை அசோசியேஷன் திருப்பித் தர எத்தனை நாள் ஆகும்?

ஓய்வு ஆடிட்டர், ஜனவரி 13

தராது தம்பி. அந்தப் பணம் வீட்டோடு போகிறது, ஆளோடு இல்லை. விற்கும் விலை பேசும்போதே "கார்பஸ் 72,000 கட்டியிருக்கிறேன்" என்று வாங்குபவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அசோசியேஷனில் பெயர் மாற்றம் மட்டும் எழுதி வாங்குங்கள்.

மேடவாக்கம் செயலாளர், ஜனவரி 19

ஆடிட்டர் ஐயா சொன்னபடியே பகுதித் தொகை என்று எழுதிக் கொடுத்தோம். முதலில் முகம் சுளித்தார்கள், இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொண்டார்கள். செக் கணக்கில் ஏறிவிட்டது.

இனி குறைகிற 22,62,000. அது எங்கே போனது என்று உட்கார்ந்து பிரித்தேன். 11 வீடு இன்னும் விற்கவில்லை. அவை 12,400 சதுர அடி. அதற்கான கார்பஸ் 7,44,000 வசூலாகவே இல்லை. ஆக, விற்ற 73 வீட்டுக்கு, 83,600 சதுர அடிக்கு, 50,16,000 வந்திருக்க வேண்டும். அவர்கள் 48,78,000 என்கிறார்கள். 1,38,000 எங்கே?

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எல்லாரிடமும் ரசீது கேட்பது. இன்று காலை முதல் கேட் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் எதிர்பார்க்காதது இது: ஒருவர் ரசீதிலும் "கார்பஸ்" என்ற சொல்லே இல்லை. மஞ்சள் ஃபைலைத் திறந்தால் எல்லாம் "இதர கட்டணங்கள்" என்று மொத்தமாக ஒரே தொகை. ஈ.பி. டெபாசிட், மெட்ரோ வாட்டர், வக்கீல் கட்டணம், கார்பஸ் எல்லாம் அதற்குள். பிரித்துக் காட்டுவது ரசீது இல்லை, சாவி கொடுக்கும் முன் அனுப்பிய டிமாண்ட் கடிதம்தான். அதை வைத்திருப்பவர்கள் இதுவரை 41 பேர்.

மேடவாக்கம் செயலாளர், ஜனவரி 26

68 டிமாண்ட் கடிதம் கிடைத்தது. ஐந்து பேரிடம் இல்லை. அதில் மூவருடைய வங்கிப் பதிவில் தொகை ஒத்துப்போகிறது.

மிச்சம் இருவர். இரண்டு பேரும் ஆடித் தள்ளுபடியில் பதிவு செய்தவர்கள். "கார்பஸ் இலவசம்" என்று விற்பனைப் பையன் எழுதியே கொடுத்திருக்கிறான். இரண்டு வீடும் சேர்த்து 2,300 சதுர அடி. 60 ரூபாயில் பெருக்கினால் 1,38,000. காசு பிசகாமல் நிற்கிறது.

அந்த இருவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மற்ற 71 பேரின் பொதுப் பணத்தில் பில்டர் எப்படித் தள்ளுபடி கொடுக்க முடியும்? வீட்டு விலையில் குறைத்திருக்கட்டும். கார்பஸில் குறைத்தால் அது அவர் கொடுத்த சலுகை இல்லை, நாங்கள் கொடுத்தது.

கே.கே.நகர் பழைய ஃபிளாட், ஜனவரி 27

உங்களுக்குப் பணமாவது வந்திருக்கிறது. எங்களுடையது 12 வீடு, 1990களில் கட்டியது. கார்பஸ் கொஞ்சம் இருந்தது. அசோசியேஷன் பெயரில் பான் கார்டு இல்லை, எதற்கு அலைச்சல் என்று அப்போதைய பொருளாளர் பெயரிலேயே எஃப்.டி. போட்டார்கள். நல்ல மனிதர், ஒரு பைசா தொடமாட்டார். திடீரென்று இறந்துவிட்டார். பணம் எங்களுடையது என்று வங்கியில் எங்களால் நிரூபிக்க முடியவில்லை. அவர் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வெளியூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டு, பணம் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகள் நேர்மையானவர்கள் என்பதால் வந்தது.

அது வந்தபோது லிஃப்ட் நின்றுவிட்டது. சிங்கிங் ஃபண்ட் என்று ஒன்றை நாங்கள் சேர்த்ததே இல்லை. வீட்டுக்கு 95,000 போட வேண்டும் என்றதும் தரைத்தள வீட்டுக்காரர் இருவர் "நாங்க லிஃப்டே ஏறுறதில்லை" என்றார்கள். மூன்றாம் மாடியில் என் அம்மா ஐந்து மாதம் கீழே இறங்கவில்லை.

மேடவாக்கம் செயலாளர், ஜனவரி 27

படித்ததும் வங்கிக்கு ஓடினேன். நாங்கள் தலைவர், பொருளாளர் இருவர் பெயரில் கூட்டாக எஃப்.டி. போட விண்ணப்பம் எழுதி வைத்திருந்தோம். திரும்ப வாங்கிவிட்டேன். சங்கத்தின் பெயரில் பான் வாங்கி, சங்கத்தின் பெயரிலேயே போடப் போகிறோம். இருவர் கையெழுத்து இயக்க மட்டும். நன்றி, உங்கள் அம்மா நலமா?

ஓய்வு ஆடிட்டர், ஜனவரி 28

நல்ல காரியம். பான் கொடுக்காவிட்டால் வங்கி வட்டியில் 20 சதவீதம் பிடிக்கும், கொடுத்தால் 10. இன்னொன்று, உறுப்பினர்களிடம் வாங்கும் பணத்துக்கு வருமான வரி இல்லை, நம் பணம் நமக்கே என்பதால். ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு அந்த வாதம் நிற்காது. 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல செயலாளர்கள் "நாம் லாப நோக்கம் இல்லாத சங்கம்" என்று கணக்கே தாக்கல் செய்வதில்லை. நோட்டீஸ் வரும்போது அந்தக் கமிட்டி மாறியிருக்கும்.

அந்த 13,80,000க்கு மாதவாரி விவரம் கேட்டீர்களா?

மேடவாக்கம் செயலாளர், பிப்ரவரி 9

கேட்டோம். மூன்று கடிதம் எழுதிய பிறகு ஒரு எக்செல் தாள் வந்தது. பில்களைப் பார்க்க அவர்கள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். நானும், வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து பிளாக் தங்கையும் இரண்டு நாள் போய் உட்கார்ந்தோம்.

2022 நவம்பர் முதல் 2024 டிசம்பர் வரை 26 மாதம். சதுர அடிக்கு 3 ரூபாய் மெயின்டெனன்ஸ். விற்ற 73 வீட்டிலிருந்து மாதம் 2,50,800 வந்திருக்கிறது. செலவு சராசரி 3 லட்சத்துச் சொச்சம். மேலோட்டமாகப் பார்த்தால் பற்றாக்குறை உண்மைதான்.

தங்கைதான் முதலில் கேட்டாள்: "அக்கா, வரவில் அந்த 11 வீடு எங்கே?"

இல்லை. விற்காத வீட்டுக்கு அவர்கள் ஒரு மாதம்கூட மெயின்டெனன்ஸ் போடவில்லை. 12,400 சதுர அடி, 3 ரூபாய், மாதம் 37,200. 26 மாதத்துக்கு 9,67,200. பற்றாக்குறை என்று எங்கள் கார்பஸில் கழித்ததில் பெரும்பகுதி அவர்கள் கட்டாமல் விட்ட அவர்களுடைய பங்கு.

மீதி 4,12,800. அதில் 2,35,000க்கு ஒரே பில்: பி பிளாக் மொட்டை மாடியில் விரிசல், நீர்க்கசிவுத் தடுப்பு. வீடு ஒப்படைத்துப் பதினோரு மாதத்தில் வந்த விரிசல்.

அதையும் தள்ளினால் 1,77,800. அது இரண்டு கோடையில் தண்ணீர் லாரி. பில் எல்லாம் இருக்கிறது, லாரி வந்ததை நாங்களே பார்த்தோம். அதை ஒப்புக்கொள்கிறோம்.

ஓய்வு ஆடிட்டர், பிப்ரவரி 10

உங்கள் தங்கைக்கு என் பாராட்டு. வரவுப் பக்கத்தில் இல்லாததைப் பார்ப்பதுதான் கடினம்.

விற்காத வீட்டுக்கு உரிமையாளர் பில்டரே. பொதுச் செலவு பிரிக்கப்படாத நிலப் பங்கின் விகிதத்தில் எல்லா உரிமையாளருக்கும் விழுவது. காலியாக இருந்தாலும் காவலாளி அந்த வீட்டையும்தான் காக்கிறார். விரிசலுக்கு ரெரா சட்டம் 14(3) போதும். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை வந்தால் பில்டர் தன் செலவில், எழுதிக் கொடுத்த 30 நாளில் சரிசெய்ய வேண்டும். மெயின்டெனன்ஸ் என்று வாங்கிவிட்டுக் கட்டாமல் விட்டதற்கு 11(4)(g) பாருங்கள். தனித்தனியாகப் போகாமல் பதிவான சங்கமாகவே ரெராவில் மனுக் கொடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். விற்காத 11 வீட்டின் கார்பஸ் 7,44,000-ஐ இப்போதே பில்டரிடம் கேட்க முடியுமா? உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

மேடவாக்கம் செயலாளர், பிப்ரவரி 10

"வாங்குபவர் சாவி பெறும் முன் செலுத்த வேண்டும்" என்றுதான் இருக்கிறது. வாங்குபவரே இல்லாதபோது... சரி, ஐயா சொல்வது புரிகிறது. ஜனவரி 12 அன்று நான் 57,60,000 வர வேண்டும் என்று எழுதியது தவறு. இன்றைய தேதிக்கு வர வேண்டியது 50,16,000. அதில் தண்ணீர் லாரியைக் கழித்தால் 48,38,200. கையில் வந்தது 34,98,000. ஆக நிற்பது 13,40,200.

செம்பூர்வாசி, பிப்ரவரி 11

வட்டியை விட்டுவிட்டீர்களே. இரண்டு வருஷத்துக்கு மேல் அரைக்கோடி அவர் கையில் இருந்திருக்கிறது.

மேடவாக்கம் செயலாளர், பிப்ரவரி 11

ஒப்பந்தத்தில் வட்டி உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ஓய்வு ஆடிட்டர், பிப்ரவரி 12

வட்டியில்லாத் தொகை என்று எழுதியிருந்தால் கதவு அநேகமாக மூடிவிடும். எதுவும் எழுதாதபோது கேட்கலாம். கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அசலைத் தனியாகவும் வட்டியைத் தனியாகவும் கேளுங்கள். இரண்டையும் ஒரே தொகையாக்கினால் வட்டியில் தகராறு செய்து அசலையும் இழுப்பார்கள்.

மேடவாக்கம் செயலாளர், ஏப்ரல் 6

இரண்டு மாதம் எழுத முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனது. மனு எழுதி வைத்துவிட்டுப் பேச்சுக்கு உட்கார்ந்தோம். நான் கத்திப் பேசவில்லை. ஒரு தாளில் நான்கு வரி எழுதி மேஜையில் வைத்தேன்: 9,67,200, 2,35,000, 1,38,000, வட்டி.

விரிசல் பணத்தை அன்றைக்கே ஒத்துக்கொண்டார்கள், மார்ச்சில் வந்துவிட்டது. 9,67,200-ஐ மூன்று தவணையாகத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், முதல் தவணை வந்தது. ஜனவரியிலிருந்து காலி வீட்டுக்கு மாதம் 37,200 கட்டுகிறார்கள். விற்கப்போகும் வீடுகளின் கார்பஸ் செக் நேராக அசோசியேஷன் பெயரில், "கார்பஸ்" என்ற சொல்லோடு தனி ரசீதில்.

தள்ளுபடி 1,38,000க்கு "அது விற்பனைத் துறை செய்தது" என்கிறார்கள். வட்டிக்குப் பதிலே இல்லை. மனுவைக் கிழிக்கவில்லை, ஃபைலில் இருக்கிறது.

பணத்தோடு தாள்களும் வாங்க வேண்டும் என்று தாமதமாகத்தான் உறைத்தது. லிஃப்ட் உரிமம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தீயணைப்புச் சான்று, பொது மின் இணைப்பின் பெயர் மாற்றம், குழாய்கள் உண்மையில் எந்த வழியே போகின்றன என்ற வரைபடம். கடைசியது இன்னும் வரவில்லை. போன மாதம் ஒரு கசிவுக்காக மூன்று இடத்தில் தரையை உடைத்தோம்.

கே.கே.நகர் பழைய ஃபிளாட், ஏப்ரல் 7

அம்மா நலம். லிஃப்ட் ஓடுகிறது. சிங்கிங் ஃபண்ட் எவ்வளவு வைக்கப் போகிறீர்கள்?

மேடவாக்கம் செயலாளர், ஏப்ரல் 20

அதற்காகத்தான் மூன்று வாரம் விலை கேட்டுக்கொண்டு திரிந்தேன். எங்கள் இடத்துக்கு எங்களுக்குச் சொன்ன விலைகள், வேறு இடத்துக்குப் பொருந்தாது.

வெளிப்பூச்சு வண்ணம் 28 லட்சம், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை. வருஷத்துக்கு 4 லட்சம் ஒதுக்க வேண்டும். லிஃப்ட் இரண்டு, மாற்ற 36 லட்சம், 20 வருஷம் வரும் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,80,000. கழிவுநீர் நிலையத்தின் மோட்டாரும் காற்று ஊதியும் 6 லட்சம், எட்டு வருஷம், வருஷத்துக்கு 75,000. மொத்தம் 6,55,000. இதை 96,000 சதுர அடிக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால் 57 பைசா. 60 பைசா என்று வைத்தோம். 1,150 சதுர அடி வீட்டுக்கு மாதம் 690 ரூபாய். விலை ஏறும், ஆனால் சேரும் பணத்துக்கு வட்டியும் வரும் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விலை கேட்டுத் திருத்துவது என்று தீர்மானத்தில் எழுதிவிட்டோம்.

கார்பஸைத் தனி எஃப்.டி.யில் வைத்திருக்கிறோம். பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் கையைத் தூக்காமல் அசலைத் தொட முடியாது என்று துணைவிதியைத் திருத்துகிறோம். பெயிண்டிங் வந்தால் "அதான் கார்பஸ் இருக்கே" என்று யாராவது சொல்வார்கள். நானே இரண்டு வருஷம் முன்னால் அப்படிச் சொன்னவள்தான்.

புது ஓனர், ஏப்ரல் 20

இந்த 690-ஐ வாடகைக்கு இருப்பவர் கட்டலாம் இல்லையா? மெயின்டெனன்ஸோடு சேர்ந்துதானே வருகிறது?

ஓய்வு ஆடிட்டர், ஏப்ரல் 21

பத்து வருஷம் கழித்து மாற்றும் லிஃப்டுக்குப் பதினோரு மாதம் குடியிருப்பவர் ஏன் கட்ட வேண்டும்? சொத்தின் தேய்மானம், உரிமையாளர் கட்ட வேண்டியது. பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள்.

செம்பூர்வாசி, ஏப்ரல் 21

ஓட்டி ஓட்டி அந்த லிஃப்டைத் தேய்ப்பது குடியிருப்பவர்தானே ஐயா? எங்கள் சொசைட்டியில் யாரும் பிரிப்பதில்லை, வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

மேடவாக்கம் செயலாளர், ஏப்ரல் 27

பொதுக்குழு முடிந்தது. 60 பைசா நிறைவேறியது. தனி வரியாகக் காட்டுவது என்பதும் நிறைவேறியது. யார் கட்டுவது என்பதில் இரவு ஒன்பது மணி வரை பேசியும் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டோம். தரைத்தளத்து ஓனர்களில் ஒருவர் எழுந்து லிஃப்ட் பங்கு தனக்கு வேண்டாம் என்றார். கே.கே.நகர்க்காரர் எழுதியதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். உட்கார்ந்துகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மேடவாக்கம் செயலாளர், ஜூன் 15

இரண்டாவது தவணை வந்தது. காலி வீடுகளில் ஒன்று விற்றிருக்கிறது, சி பிளாக், 1,120 சதுர அடி. 67,200க்கு செக், அசோசியேஷன் பெயரில். ரசீதில் "கார்பஸ்" என்று நானே கையால் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். டிமாண்ட் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.